ரெக்கார்டட் கோர்ஸுக்கு ஏர்லி பேர்ட் விலை கேப்ஷன்: எங்க சொதப்பறேன்?

பீளமேடு_எக்செல்
வணக்கமுங்க. நான் ஒரு கார்மென்ட் எக்ஸ்போர்ட் கம்பெனில எம்ஐஎஸ் வேலை பாக்கறேன், 11 வருஷம் ஆச்சு. சாயங்காலம் வீட்ல உக்காந்து ஒரு கோர்ஸ் ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கேன், எக்செல்ல பவர் க்வெரி, அப்புறம் எஸ்க்யூஎல், கடைசில பவர் பிஐ. வேலைக்கு போறவங்களுக்காகத்தான், எல்லாம் 12 நிமிஷம் 15 நிமிஷம் வீடியோ, மொத்தம் 62. இதுல 38 முடிஞ்சு ஏத்திட்டேன், மீதி அக்டோபர் 15க்குள்ள வந்துடும். விலை ₹3,999 வைக்கலாம்னு இருக்கேன், முதல்ல வர்றவங்களுக்கு ₹2,499. போன வியாழக்கிழமை இன்ஸ்டால இப்படி போட்டேன்:

> 🚀 டேட்டா உலகத்தில் உங்கள் பயணத்தை இன்றே தொடங்குங்கள்! எதிர்காலம் டேட்டாவின் கையில்! 🔥 அதிரடி 50% தள்ளுபடி 🔥 ~~₹4,999~~ ₹2,499 மட்டுமே! முதல் 50 சீட்டுகள் மட்டும்! இன்னும் 3 நாட்களே! லிங்க் பயோவில்!

லைக் வந்துச்சு, என் மச்சான் ரெண்டு தடவை ஷேர் பண்ணான், வாங்கினது ஒரே ஆள். அவரும் என் கூட வேலை பாக்கறவரு. விலை ஜாஸ்தியா, கேப்ஷன் மோசமா? தயவு பண்ணி ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க.

சுப்பு_தூத்துக்குடி
கேப்ஷனுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீக, வீடியோவை யூடியூப்ல ஏத்துனா தானா வரும்லா, கீழ எழுத்து ஓடும். எழுத்து கொஞ்சம் பெருசா வச்சா நல்லாருக்கும், எங்க அப்பாவும் பாப்பாரு.

பீளமேடு_எக்செல்
அண்ணே அது சப்டைட்டில்ங்க. நான் கேக்கறது போஸ்டுக்கு கீழ எழுதற வாசகம் 🙂

காப்பி_கமலா
நான் 14 வருஷம் விளம்பர ஏஜென்சில எழுதிட்டு இருந்தவ, இப்ப தனியா பண்றேன், கோர்ஸ் லான்ச் நிறைய பாத்துட்டேன். தம்பி, விலை இல்ல பிரச்சனை. ₹4,999ன்னு அடிச்சு காட்டிருக்கீங்க, ஆனா மேல ₹3,999 தான் வைக்கப் போறேன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அந்த ₹4,999க்கு என்னைக்காவது யாராவது வாங்கிருக்காங்களா? இல்ல, வாங்கவும் போறதில்ல. அப்ப அது விலையே இல்ல, அலங்காரம்.

அடுத்தது 50 சீட். ரெக்கார்ட் பண்ண வீடியோக்கு ஏதுப்பா சீட்டு? 51ஆவது ஆள் வந்தா ஃபைல் தேஞ்சு போயிடுமா? உங்க ஆடியன்ஸ் யாரு, தினம் நம்பரோட புழங்கறவங்க, இதை அவங்க ஒரு செகண்ட்ல பிடிச்சுடுவாங்க. லைவ் க்ளாஸ்க்கு எழுதற கேப்ஷனை எடுத்து ரெக்கார்டட் கோர்ஸ் மேல ஒட்டுனா இதுதான் ஆகும்.

நேர்மை_நாகராஜ்
அக்கா சொல்றது கரெக்ட், இன்னொன்னு சேத்துக்கறேன். 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்னு 13 வகையை லிஸ்ட் போட்டு வழிகாட்டுதல் கொண்டு வந்தாங்க, அதுல முதல் ஐட்டமே பொய்யான அவசரம்தான். இல்லாத தட்டுப்பாட்டை இருக்கற மாதிரி காட்டி வாங்க வைக்கறது. உங்களை மாதிரி சின்ன ஆளை யாரும் தேடி வரப்போறதில்ல, ஆனா தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அப்புறம் ஜிஎஸ்டி. ஆன்லைன்ல வித்தா முதல் ரூபாய்லேர்ந்தே ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாகணும், அதனால கேப்ஷன்ல ₹2,499 + 18%ன்னு போடுங்க, இல்லன்னா மாட்டிப்பீங்க.

கணக்கு_காயத்ரி
நாகராஜ் சார், பாதி சரி. முதல் ரூபாய்லேர்ந்துங்கறது பொருளை ஆன்லைன் மார்க்கெட் வழியா விக்கறவங்களுக்கு சொல்ற கதை. இவர் விக்கறது சர்வீஸ். சர்வீஸுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டற வரைக்கும் பதிவு கட்டாயம் இல்ல, வெளி மாநிலத்துக்காரங்க வாங்கினாலும் அதேதான். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டின்னு தனியா வாங்கவே கூடாது, அதுதான் தப்பு. வெளிநாட்டுலேர்ந்து வாங்கறவங்க கணக்கு வேற மாதிரி போகும், அதை உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க, இங்க நான் வாய விட்டு மாட்டிக்க விரும்பல.

ஆனா நாளைக்கு பதிவு எடுத்தீங்கன்னா ஒரு கணக்கு போட்டு வச்சுக்கோங்க. ₹2,499 எல்லாம் அடக்கம்னு சொன்னா உள்ள இருக்கற விலை ₹2,117.80, வரி ₹381.20. பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்தா ₹49.98, அதுக்கு மேல 18 சதவீதம் ₹9, ஆக கைக்கு வர்றது ₹2,058 சொச்சம். இது கட்டுப்படியாகுதான்னு இப்பவே பாத்துட்டு விலை வைங்க. கேப்ஷன்ல ஒரு விலையும் பணம் கட்டற பக்கத்துல இன்னொரு விலையும் வந்தா, ஆள் அங்கயே மூடிட்டு போயிடுவாங்க, நானே போயிருக்கேன். அதுவும் அந்த 13ல ஒண்ணு சார், சொட்டு சொட்டா விலை ஏத்தறது.

நேர்மை_நாகராஜ்
சரி மேடம், பொருளுக்கும் சர்வீஸுக்கும் குழப்பிக்கிட்டேன். அந்த + 18% யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன்.

ராஜ்_அபுதாபி
நான் வாங்கற பக்கத்துலேர்ந்து பேசறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டேட்டா கோர்ஸ் ஏர்லி பேர்ட்ல வாங்கினேன், பேர் வேண்டாம். இனிமே இந்த விலை வரவே வராதுன்னு கேப்ஷன்ல இருந்துச்சு. சரியா மூணு வாரத்துல தீபாவளி ஆஃபர்னு அதைவிட 700 ரூபாய் கம்மியா போட்டாங்க. மெயில் போட்டு கேட்டா ஆஃபர் வேற, ஏர்லி பேர்ட் வேறன்னு பதில். பணம் பெருசு இல்ல ப்ரோ, ஆனா அதுக்கப்புறம் அந்த கோர்ஸை தொறக்கவே மனசு வரல. உங்களுக்கும் செப்டம்பர் முடிஞ்சா தீபாவளி வருது, அப்ப கை அரிக்கும், இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

இன்னொன்னு, இன்னும் 3 நாட்களேன்னா எந்த நாள்லேர்ந்து 3? இன்ஸ்டா எனக்கு உங்க போஸ்டை நாலு நாள் கழிச்சு காட்டுது.

பீளமேடு_எக்செல்
ஐயோ ஆமாங்க, அது தோணவே இல்ல. நான் வியாழக்கிழமை போட்டேன், ஞாயிறு வரைக்கும்னு மனசுல வச்சிருந்தேன். செப்டம்பர் 7 இரவு 12 மணி வரைன்னு மாத்திடறேன்.

காப்பி_கமலா
12 மணி வேண்டாம். 7ஆம் தேதி இரவு 12ன்னா பாதி பேருக்கு அது 6ஆம் தேதி ராத்திரி முடிஞ்சு வர்ற 12, மீதி பேருக்கு 7 முடியற 12. இரவு 11:59, இந்திய நேரம், அவ்ளோதான். ராஜ் தம்பிக்கு அது 10:29, சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு மறுநாள் விடியக்காலை 2:29, அவங்களே கணக்கு போட்டுப்பாங்க.

7ங்கற தேதி நல்ல தேதி, அதை மாத்தாதீங்க. நிறைய பேர் மாசம் 25ல ஏர்லி பேர்டை முடிப்பாங்க. வேலைக்கு போறவன்கிட்ட 25ஆம் தேதி என்ன இருக்கும், அடுத்த சம்பளம் எப்ப வரும்ங்கற நெனப்புதான் இருக்கும். சம்பளம் 1ல வருதோ 5ல வருதோ, அது கைக்கு வந்து ஒரு நாளாவது யோசிக்க டைம் குடுங்க.

மில்_மாணிக்கம்
நான் பிகாம், 34 வயசு, ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்ஸ் பாக்கறேன். இந்த கோர்ஸ் முடிச்சா ஐடில வேலை வாங்கித் தருவீங்களா? ஆங்கிலம் கொஞ்சம் வீக். லேப்டாப் இல்ல, போன்லயே பண்ணலாமா?

பீளமேடு_எக்செல்
அண்ணா இது விளம்பரம் இல்ல, விளம்பரம் எப்படி எழுதறதுன்னு கேட்ட இழைங்க. இருந்தாலும் சொல்றேன், வேலை வாங்கித் தரதெல்லாம் கிடையாதுங்க. போன்ல வீடியோ பாக்கலாம், கூடவே செஞ்சு பாக்க கம்ப்யூட்டர் வேணும்.

காப்பி_கமலா
தம்பி, மாணிக்கம் சார் தப்பான இடத்துல கேட்டுட்டார்னு விட்டுடாதீங்க, உங்க போஸ்டை பாத்த 100 பேர் மனசுல ஓடினது இந்த கேள்விதான். எதிர்காலம் டேட்டாவின் கையில்னு எழுதினா அவர் ஐடி வேலைன்னுதான் எடுத்துப்பார். உங்க கோர்ஸ் நெஜமா யாருக்கு? இப்ப இருக்கற வேலைலயே மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு ராத்திரி 9 மணி வரைக்கும் உக்காரறவங்களுக்கு. அதைத்தான் முதல் வரில சொல்லணும்.

முதல் வரின்னா நெஜமாவே முதல் வரி. இன்ஸ்டால சுமார் 125 எழுத்துக்கு அப்புறம் வெட்டிடும், மீதி பாக்க தட்டணும், முக்கால்வாசி பேர் தட்ட மாட்டாங்க. இதுல தமிழுக்கு ஒரு சிக்கல். கேப்ஷன்ங்கற சொல் நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்குல ஏழு, ஏன்னா புள்ளியும் இரட்டைக்கொம்பும் எல்லாம் தனித்தனியா எண்ணும். அதனால இங்கிலீஷ் கேப்ஷனுக்கு கிடைக்கற இடம் நமக்கு கிடைக்காது. உங்க பழைய கேப்ஷன்ல அந்த இடத்துல பெரும்பகுதியை பயணமும் எதிர்காலமும் சாப்பிட்டுடுச்சு, ₹2,499 வெட்டற ஓரத்துல போய் கிடக்கு.

அப்புறம் தள்ளுபடிங்கற சொல். ஆடி முடிஞ்சு இப்பதான் மூச்சு விடறோம், தள்ளுபடின்னாலே தேங்கின சேலையை தள்ளி விடறதுதான் ஞாபகம் வரும். புதுசா வர்ற கோர்ஸுக்கு அறிமுக விலைன்னு எழுதுங்க, இல்ல சும்மா தேதி வரைக்கும் இந்த விலைன்னு எழுதினாலே போதும். ஒருத்தர் ஏர்லி பேர்டை ஆரம்பப் பறவை விலைன்னு போட்டதையும் பாத்திருக்கேன், என்னமோ கோழிக்கடை போர்டு மாதிரி இருந்துச்சு.

பீளமேடு_எக்செல்
😂 சரிங்கக்கா. இப்ப 50 சீட்டையும் 4,999ஐயும் எடுத்துட்டேன். ஆனா எடுத்துட்டா ஏன் 7க்குள்ள வாங்கணும்னு காரணமே இல்லாம போயிடுதே? சும்மா விலை ஏறும்னா நம்புவாங்களா?

காப்பி_கமலா
காரணம் உங்க கைலயே இருக்கே. 62ல 38 தான் ரெடி. பாதில வாங்கறவன் உங்களை நம்பி வாங்கறான், அதுக்கு விலை கம்மி. இதை ஒளிக்க வேண்டாம், அப்படியே எழுதுங்க. எல்லா மாட்யூலும் வாங்கின அன்னைக்கே இருக்கும்னு நெனச்சு வந்து, பவர் பிஐ காலியா இருக்கறதை பாத்து பணத்தை திருப்பிக் குடுன்னு கேக்கறதை விட இது எவ்ளவோ மேல்.

கடுப்பு_கதிர்
ஒரு நிமிஷம். வீடியோ முடியறது அக்டோபர் 15. விலை ஏறறது செப்டம்பர் 8. கோர்ஸ் முழுசா முடியலங்கறதுனாலதான் விலை கம்மின்னா, செப்டம்பர் 8ஆம் தேதியும் அது முடியாமத்தானே இருக்கும்? அன்னைக்கு வர்றவன் ஏன் 1,500 ரூபாய் ஜாஸ்தி குடுக்கணும்? காரணமும் தேதியும் ஒட்டவே இல்லையே.

காப்பி_கமலா
அட. நல்லா பிடிச்சீங்க கதிர், நான் கவனிக்கல. அப்ப ரெண்டு வழிதான், விலையை அக்டோபர் 15 வரைக்கும் விடுங்க, இல்ல 7க்குன்னே ஒரு நெஜ காரணம் வேணும். ஒன்றரை மாசம் விட்டா எல்லாரும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு கடைசி நாள்தான் வருவாங்க, அது என் அனுபவம், அதனால எனக்கு அது பிடிக்கல.

பீளமேடு_எக்செல்
ஒண்ணு இருக்குங்க. முதல் பேட்சுக்கு செப்டம்பர் 14லேர்ந்து நாலு ஞாயிறு சாயங்காலம் நேரடியா டவுட் கேக்கறதுக்கு ஒரு மணி நேரம் உக்காரலாம்னு நெனச்சேன். அவங்க ஆபீஸ் ஃபைலையே கொண்டு வரலாம், பேர் நம்பரெல்லாம் மாத்திட்டு. அதுல 30 பேருக்கு மேல என்னால முடியாது, ஒரு ஆள் ஃபைல் தொறந்து பாக்கவே பத்து நிமிஷம் ஆகுது. யாரு எத்தனை பேருன்னு ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சாதான் குரூப் பிரிக்க முடியும், அதான் 7.

காப்பி_கமலா
இவ்ளோ நேரம் இதை ஏன்பா சொல்லல! 30ங்கறது இப்ப நெஜ நம்பர். சீட்டுன்னு சொல்லணும்னா வீடியோக்கு சொல்லாதீங்க, இந்த ஞாயிறு டவுட்டுக்கு சொல்லுங்க. 30 ஆனதும் நிறுத்தணும், 31ஆவது ஆள் கெஞ்சினாலும்.

கடுப்பு_கதிர்
இன்னும் ஒட்டல. 7க்கு முன்னாடி வர்றவனுக்கு கம்மி விலை, கூடவே டவுட் க்ளாஸ். 8ஆம் தேதி வர்றவனுக்கு ஜாஸ்தி விலை, டவுட் க்ளாஸ் இல்ல. லேட்டா வந்தவன் ஜாஸ்தி குடுத்து கம்மியா வாங்கணுமா?

ராஜ்_அபுதாபி
ப்ரோ எல்லா ஏர்லி பேர்டும் அப்படித்தானே, முன்னாடி வந்தவனுக்கு லாபம்.

கடுப்பு_கதிர்
ட்ரெயின் டிக்கெட்ல முன்னாடி வந்தவனுக்கு விலை கம்மி இருக்கலாம், ஆனா லேட்டா வந்தவனுக்கு சீட்டு பாதி சைஸ்ல குடுக்க மாட்டாங்க. எனக்கு இது உறுத்துது. ஒண்ணு டவுட் க்ளாஸை தனியா விலை போடுங்க, இல்ல பின்னாடி வர்றவங்களுக்கும் அக்டோபர் கடைசில ஒரு பேட்ச் வைங்க.

பீளமேடு_எக்செல்
ரெண்டாவது பேட்ச் வைக்க ஆசைதாங்க, ஆனா எங்க கம்பெனில அப்ப தீபாவளி ஷிப்மென்ட், சத்தியம் பண்ண முடியாது. சொல்லிட்டு செய்யாம விட்டா அது இன்னும் கேவலம். யோசிக்கறேன்.

எக்செல்_ஏகாம்பரம்
வெர்ஷன் பத்தி ஒருத்தரும் பேசலையே. எங்க ஆபீஸ்ல இன்னமும் எக்செல் 2016. ஒரு கோர்ஸ் காசு குடுத்து வாங்கி முதல் வாரமே XLOOKUP சொல்லிக் குடுத்தாங்க, எங்க சிஸ்டத்துல #NAME?ன்னு வந்து நின்னுச்சு. அது 2021லேர்ந்து வந்த வெர்ஷன்லயும் 365லயும்தான் இருக்கு, 2019ல கூட கிடையாது. அப்புறம் பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், மேக் வச்சிருக்கறவன் வாங்கிட்டு முழிப்பான். அதையும் கேப்ஷன்லயே போடுங்க.

பீளமேடு_எக்செல்
பவர் க்வெரி 2016லயே உள்ள இருக்குங்க, அது ஓடும். XLOOKUP வர்ற ரெண்டு வீடியோலயும் INDEX MATCH வச்சு மாத்து வழி காட்டிருக்கேன். ஆனா இதை எங்கயுமே எழுதல, சேத்துக்கறேன்.

காப்பி_கமலா
சரி, எல்லாத்தையும் வச்சு முதல் வரியை எழுதிப் பாத்தேன்:

> மாசக் கடைசி ரிப்போர்ட்டை கையால ஒட்டறவங்களுக்கு: தமிழ்ல எக்செல், எஸ்க்யூஎல் கோர்ஸ். செப் 7 வரை ₹2,499, பிறகு ₹3,999.

எண்ணினேன், இடைவெளி எல்லாம் சேத்து 115. ரெக்கார்டட்ங்கறது ரெண்டாவது வரிக்கு போகட்டும், பவர் பிஐயும்.

சுப்பு_தூத்துக்குடி
கையால ஒட்டறவங்கன்னா போஸ்டர் ஒட்டுற மாதிரி இருக்குல்லா. காப்பி பேஸ்ட்டுன்னே போடுங்க, எல்லாருக்கும் வெளங்கும்.

காப்பி_கமலா
சுப்பு அண்ணே, இந்த தடவை நீங்க என்னைவிட சரி. காப்பி பேஸ்ட் பண்றவங்களுக்குன்னு மாத்தினா 122, மயிரிழைல தப்பிச்சோம்.

நேர்மை_நாகராஜ்
முதல் வரிலயே விலையா? எனக்கு ஒப்பல. விலையை பாத்ததும் கோர்ஸ் என்னன்னு படிக்காமயே போயிடுவாங்க. முதல்ல ரிப்போர்ட் கஷ்டத்தை நாலு வரி எழுதுங்க, கடைசில விலை.

காப்பி_கமலா
₹2,499ஐ பாத்து ஓடறவங்க நாலு வரி படிச்சுட்டும் ஓடத்தான் போறாங்க சார். இது விலைக்கான போஸ்ட். கஷ்டத்தை சொல்ற போஸ்ட் தனியா நேத்தே போட்டிருக்கணும். ஆனா அடிச்சு சொல்ல மாட்டேன், ரெண்டையும் போட்டு பாக்கட்டும்.

பீளமேடு_எக்செல்
நேத்து ராத்திரி எழுதினது, பாருங்க:

> மாசக் கடைசி ரிப்போர்ட்டை காப்பி பேஸ்ட் பண்றவங்களுக்கு: தமிழ்ல எக்செல், எஸ்க்யூஎல் கோர்ஸ். செப் 7 வரை ₹2,499, பிறகு ₹3,999.
>
> எல்லாம் ரெக்கார்டட், 62 சின்ன வீடியோ, பவர் பிஐயும் உண்டு. 38 இப்பவே பாக்கலாம், மீதி அக்டோபர் 15க்குள்ள வரும்.
>
> செப் 7 இரவு 11:59க்குள்ள (இந்திய நேரம்) சேர்ற முதல் 30 பேருக்கு நாலு ஞாயிறு நேரடி டவுட் க்ளாஸ், செப் 14லேர்ந்து. 30 ஆனதும் இங்கயே சொல்லிடுவேன், அதுக்கப்புறமும் 7 வரைக்கும் இதே விலை, டவுட் க்ளாஸ் மட்டும் இருக்காது.
>
> விலை இதுதான், மேல எதுவும் இல்ல. மார்ச் வரைக்கும் இதைவிட கம்மியா போட மாட்டேன். எக்செல் 2016 போதும், பவர் பிஐக்கு விண்டோஸ் வேணும். இது வேலை வாங்கித் தர்ற கோர்ஸ் இல்ல. லிங்க் பயோவுல.

ராஜ்_அபுதாபி
மார்ச் வரைக்கும்ங்கற வரி எனக்கு போதும்.

கடுப்பு_கதிர்
8ஆம் தேதி ஆள் பிரச்சனை அப்படியே இருக்கு, ஆனா இப்ப பொய் எதுவும் இல்ல. போடுங்க.

கணக்கு_காயத்ரி
கூப்பன் கோடுக்கு காலாவதி தேதி வச்சீங்களா? என் க்ளையன்ட் ஒருத்தங்க 7 வரைக்கும்னு விளம்பரம் பண்ணிட்டு தளத்துலயும் 7ன்னு போட்டாங்க. அந்த தளம் தேதியை அன்னைக்கு ஆரம்பத்துல முடிஞ்சதா எடுத்துக்கும், அதுவும் UTCங்கற உலகப் பொது நேரத்துல. கடைசி நாள் வந்தவங்க எல்லாருக்கும் முழு விலை காட்டி, பூரா நாள் போன்ல சமாதானம் சொன்னாங்க.

பீளமேடு_எக்செல்
நல்ல வேளை கேட்டீங்க மேடம். டெஸ்ட் கூப்பன் ஒண்ணு போட்டு இன்னைக்கு தேதி வச்சுப் பாத்தேன், காலைல 5:29க்கு ஓடுச்சு, 5:31க்கு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 7ன்னு வச்ச நெஜ கூப்பன்ல எழுதி வச்சிருக்கறது இப்படி:

```
Expires: 07 Sep 00:00 UTC
```

நேரம் மாத்த இடமே இல்ல, தேதி மட்டும்தான் மாத்த முடியுது. அதனால 8ன்னு வச்சுட்டேன், 8 விடிகாலை 5:30 வரைக்கும் பழைய விலை ஓடும். 11:59ன்னு சொல்லிட்டு அஞ்சரை மணி நேரம் கூட விடறேன், அந்நேரம் முழிச்சிருக்கறவங்களுக்கு கிடைச்சுட்டு போகட்டும்ங்க. மாணிக்கம் அண்ணா மெசேஜ்ல கேட்டாரு, தங்கச்சி லேப்டாப்ல விண்டோஸ் 10 இருக்காம், போதுமான்னு. போதும்னு சொல்லிருக்கேன், ஏகாம்பரம் சார் நீங்களும் ஒரு தடவை பாத்து சொல்லிடுங்க.